பம்ப் மீட்டர் போட்டோவில் கணக்கு இடிக்கிறதா? கோளாறு எங்கே என்று பிரித்தறியும் வழி

எரிபொருள் பம்பின் திரையில் மூன்று எண்கள் இருக்கும். போட்ட அளவு லிட்டரில், ஒரு லிட்டரின் விலை, கொடுக்க வேண்டிய தொகை. லிட்டரை விலையால் பெருக்கினால் தொகை வர வேண்டும். இரண்டு எண் தெரிந்தால் மூன்றாவது தானாகவே தெரிந்துவிடும். ஒரு போட்டோவை வைத்துச் சரிபார்க்க முடிவதே இதனால்தான். ஒரு வரியில் வெயில் அடித்து எண் அழிந்து போயிருந்தாலும் மற்ற இரண்டு வரிகள் அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் கணக்கு இடித்த உடனே பங்க்காரர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இடிப்பு மூன்று இடங்களில் ஒன்றிலிருந்து வரலாம்: போட்டோவிலிருந்து, திரையிலிருந்து, அல்லது உண்மையிலேயே வசூலித்த தொகையிலிருந்து. பெரும்பாலான சந்தேகங்கள் முதல் இரண்டிலேயே தீர்ந்துவிடும். அவற்றைத் தீர்த்த பிறகும் மிச்சமிருந்தால் அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இந்த வரிசையை மாற்றினால் வீண் சண்டையில் போய் முடியும். உண்மையான புகாரின் பலமும் போய்விடும்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே விலையை வைத்துக்கொள்வோம்: லிட்டருக்கு 94.27. உங்கள் போட்டோவில் இருக்கும் விலையை அதன் இடத்தில் போட்டுப் பாருங்கள்.

பெருக்கிப் பார்த்தால் சில்லறை மட்டும் இடிக்கிறது

இது கோளாறே அல்ல. 1000-க்குப் போடச் சொன்னீர்கள். திரையில் தொகை 1000.00, லிட்டர் 10.61. பெருக்கினால் 1000.20 வருகிறது. அந்த 0.20 எங்கிருந்து வந்தது? பம்புக்குள் இருக்கும் மீட்டர் திரையில் தெரிவதைவிட நுணுக்கமாக அளக்கிறது. 1000-ஐ 94.27-ஆல் வகுத்தால் 10.6078. திரையில் இரண்டு தசம இடம் மட்டுமே இருப்பதால் அது 10.61 என்று தெரிகிறது. பின்னால் வரும் இலக்கத்தை வெறுமனே வெட்டிவிடும் பம்பாக இருந்தால் 10.60 என்று காட்டும். அப்போது பெருக்கல் 999.26-தான் வரும். இரண்டுமே சரியான பம்புகள்தான்.

எவ்வளவு வரை விடலாம் என்பதற்கு ஒரு எளிய அளவுகோல் உண்டு. லிட்டர் வரியின் கடைசி இலக்கம் ஒன்று நகர்ந்தால் தொகை எவ்வளவு நகரும் என்று பாருங்கள். இரண்டு தசம இடம் உள்ள திரையில் 0.01 லிட்டரின் மதிப்பு இந்த விலையில் 0.94. ஆகவே வித்தியாசம் 0.94-க்குள் இருந்தால் அது இலக்கத்தைச் சுருக்கியதால் வந்தது. மூன்று தசம இடம் காட்டும் பம்பாக இருந்தால் இந்த எல்லை 0.09-ஆகக் குறைந்துவிடும். அங்கே 0.50 இடித்தால் கவனிக்க வேண்டும். அதனால் பெருக்குவதற்கு முன்னால் லிட்டர் வரியில் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இந்த எல்லை எவ்வளவு போட்டீர்கள் என்பதைப் பொறுத்ததல்ல. 2 லிட்டர் போட்டாலும் 40 லிட்டர் போட்டாலும் அதே 0.94-தான். 40 லிட்டருக்கு 5 இடித்தால், ‘பெரிய தொகையாச்சே, இருக்கட்டும்’ என்று விட்டுவிட வேண்டியதில்லை. அது சுருக்கியதால் வந்த வித்தியாசம் அல்ல.

போட்டோவில் பாதி இலக்கங்களைக் காணோம், அல்லது குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன

எண்கள் சிவப்பாகவோ பச்சையாகவோ தாமே ஒளிரும் எல்இடி திரைகளில் இது அடிக்கடி வரும். அந்த வகைத் திரைகள் பலவற்றில் எல்லா இலக்கங்களும் ஒரே சமயத்தில் எரிவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, மிக வேகமாக, சுற்றிச் சுற்றி எரிகின்றன. கண்ணுக்கு எல்லாம் சேர்ந்தே தெரியும். வெயிலில் போன் கேமரா நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மட்டும் ஷட்டரைத் திறந்தால், அந்தக் கணத்தில் எரிந்துகொண்டிருந்த இலக்கங்கள் மட்டுமே விழும். ‘797.52’ என்று இருக்க வேண்டியது ‘7 7. 2’ என்று விழும். பம்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதற்கு இரண்டு வழி. போன் கேமராவில் கைமுறை அமைப்பு இருந்தால் ஷட்டரை 1/30 அல்லது அதைவிட மெதுவாக வையுங்கள். கை ஆடாமல் போனை எதிலாவது சாய்த்துப் பிடியுங்கள். அந்த அமைப்பு இல்லையென்றால் சில நொடிகள் வீடியோ எடுத்துவிடுங்கள். வீடியோவை நிறுத்தி ஒவ்வொரு பிரேமாக நகர்த்தினால் ஒன்றில் விடுபட்ட இலக்கம் இன்னொன்றில் இருக்கும். என் அனுபவத்தில் வீடியோதான் நம்பகமானது. காரணம் பின்னால் வருகிறது.

சாம்பல் பின்னணியில் கறுப்பு எண்கள் தெரியும் எல்சிடி திரைகளில் தொல்லை வேறு விதம். அங்கே எதிரிகள் கோணமும் கண்ணாடியில் விழும் வானத்தின் பிரதிபலிப்பும். திரைக்கு நேர் எதிரே, அதே உயரத்தில் நின்று, உடம்பால் நிழல் விழ வைத்து எடுத்தால் போதும். மேலிருந்து சாய்த்து எடுத்தால் எரியாத கோடுகளும் மங்கலாகத் தெரியத் தொடங்கி 0-வும் 8 மாதிரி ஆகிவிடும். போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுப் பார்த்தால் சில எல்சிடி திரைகள் முழுக்கக் கறுப்பாகத் தெரியும். அதைத் திரைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

இடையில் ஒரு எச்சரிக்கை. பல பங்க்குகளில் எரிபொருள் போடும்போது போன் பயன்படுத்தத் தடை உண்டு. அந்தப் பலகை இருந்தால் மதியுங்கள். டேங்க் வாய்க்கும் நாசிலுக்கும் பக்கத்தில் நின்று எடுக்கவே கூடாது. போட்டு முடித்து நாசிலை மாட்டிய பிறகும் அடுத்த வண்டிக்கு அதை எடுக்கும்வரை கடைசி விற்பனையின் எண்கள் வழக்கமாகத் திரையில் நிற்கும். அதற்குள் தள்ளி நின்று எடுத்துக்கொள்ளலாம்.

இலக்கங்கள் எல்லாம் முழுசாகத் தெரிகின்றன, ஆனால் பெருக்கல் எங்கேயோ போகிறது

நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஒரு உதாரணத்தை முழுக்கப் போட்டுப் பார்ப்போம்.

போட்டோவில் தொகை 797.52, லிட்டர் 6.46, விலை 94.27. மூன்றும் பளிச்சென்று தெரிகின்றன. 6.46-ஐ 94.27-ஆல் பெருக்கினால் 608.98. திரை 797.52 என்கிறது. கிட்டத்தட்ட 189 அதிகம். பார்த்தவுடன் பகல் கொள்ளை என்றுதான் தோன்றும்.

இப்போது பின்னோக்கிப் போங்கள். தொகையும் விலையும் சரி என்று வைத்துக்கொண்டால் லிட்டர் எவ்வளவு இருக்க வேண்டும்? 797.52-ஐ 94.27-ஆல் வகுத்தால் 8.46. போட்டோவில் இருப்பது 6.46. பின்னால் இருக்கும் 46 அப்படியே பொருந்துகிறது. முதல் இலக்கம் மட்டும் 8-க்குப் பதில் 6. இது தற்செயலாக நடக்கக்கூடியது அல்ல.

இந்தத் திரைகளில் ஒவ்வொரு இலக்கமும் ஏழு கோடுகளால் ஆனது. மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று, இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு. 8 என்றால் ஏழும் எரியும். அதில் வலப்பக்க மேல் கோடு மட்டும் அணைந்தால் 6 ஆகிவிடும். இடப்பக்கக் கீழ்க் கோடு அணைந்தால் 9. நடுக்கோடு அணைந்தால் 0. ஒரே ஒரு கோடு போனதும் 8 மூன்று வெவ்வேறு முழு இலக்கங்களாக மாறிவிடுகிறது. பார்ப்பவருக்கு எதுவும் குறைவதாகத் தெரியாது. அரைகுறையாகத் தெரியும் இலக்கத்தைவிட இப்படி முழுசாகத் தெரியும் தவறான இலக்கம்தான் ஆபத்து.

இதே போல ஒரு கோட்டில் மாறும் ஜோடிகள் இன்னும் சில. 7-இன் மேல் கோடு போனால் 1. 6-இன் இடப்பக்கக் கீழ்க் கோடு போனால் 5. 9-இன் வலப்பக்க மேல் கோடு போனாலும் 5-தான். 9-இன் இடப்பக்க மேல் கோடு போனால் 3. இந்த ஜோடிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். தாளில் ஒரு 8 வரைந்து ஒவ்வொரு கோடாக அழித்துப் பார்த்தால் எல்லாம் வந்துவிடும்.

நம் உதாரணத்துக்குத் திரும்புவோம். லிட்டர்தான் தவறாகத் தெரிகிறது என்று எப்படி உறுதியாகச் சொல்வது? மற்ற இரண்டில் ஒன்று தவறாக இருக்கக் கூடாதா? அதையும் சோதிக்கலாம். 6.46-தான் சரி, தொகை தவறு என்றால் தொகை 608.98 என்று இருந்திருக்க வேண்டும். 608.98 என்பது 797.52-ஆகத் தெரிய ஐந்து இலக்கங்களும் மாற வேண்டும், அதுவும் அணைந்திருக்க வேண்டிய கோடுகள் சில எரிந்திருக்க வேண்டும். நடக்காது. விலை தவறு என்றால் விலை 123.46 என்று இருக்க வேண்டும். விலைப் பலகையைப் பார்த்தால் அது பொருந்தவில்லை. 6-ஐ 8 என்று எடுத்தால் மட்டும் ஒரே ஒரு கோட்டின் குறையில் எல்லாம் நேராகிவிடுகிறது. ஆகவே 8.46 லிட்டர், வசூலித்த தொகை சரி.

விதி இவ்வளவுதான்: ஒரே இலக்கத்தில் ஒன்றோ இரண்டோ கோடு மாறினால் கணக்கு முழுக்கப் பொருந்துகிறது என்றால் அது திரை அல்லது போட்டோவின் குறை. பல இலக்கங்களை மாற்றினால்தான் பொருந்தும் என்றால் இந்த விளக்கத்தை வலிந்து திணிக்காதீர்கள், வேறு காரணம் தேடுங்கள்.

அந்தக் கோடு போட்டோவில் மட்டும் விழவில்லையா, பம்பிலேயே எரியவில்லையா என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் வீடியோ கைகொடுக்கிறது. பல பம்புகள் நாசிலை எடுத்தவுடன் தம்மைத்தாமே சோதித்துக்கொள்ளும். முதலில் எல்லா இடத்திலும் 8 எரியும், பிறகு எல்லாம் அணையும், பிறகு பூஜ்யம் வரும். வாங்குபவர் திரையைச் சரிபார்க்கட்டும் என்பதற்காகவே வைத்த ஏற்பாடு அது. 8-கள் எரியும்போது ஏதாவது ஒன்று 6-ஆகவோ 0-ஆகவோ தெரிந்தால் அந்த இடத்தில் கோடு செத்துவிட்டது என்று அர்த்தம். எல்லாம் அணைய வேண்டிய கணத்தில் ஏதாவது கோடு எரிந்துகொண்டே இருந்தால் அது எப்போதும் எரிந்தே கிடக்கிறது என்று அர்த்தம். இரண்டுமே சரிசெய்யப்பட வேண்டியவை. அந்த ஒரு நொடி கடந்து போவதால் கண்ணால் பிடிப்பது கடினம். வீடியோவில் நிறுத்திப் பார்க்கலாம்.

போட்டோவை ஆராயும்போது இன்னொன்றையும் மனதில் வையுங்கள். தூரத்திலிருந்து டிஜிட்டல் ஜூம் போட்டு எடுத்த படத்தில் போன் தானாகவே விளிம்புகளைக் கூர்மையாக்கும். அப்போது 6-இன் திறந்த பக்கம் மூடி 8 மாதிரி ஆகலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் சுருக்கம் வேறு சேரும். அசல் கோப்பை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

விலையும் தொகையும் பொருந்துகின்றன, ஆனால் பத்து மடங்கோ நூறு மடங்கோ இடிக்கிறது

தசமப் புள்ளி. பெரும்பாலும் அது ஒரு சிறு பொட்டு. வெயிலில் முதலில் அழிவது அதுதான். சில பம்புகளில் புள்ளி திரையின் முகப்புத் தகட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும், அது படத்தில் விழாமல் போகும். ‘846’ என்று தெரிந்தால் தொகையை விலையால் வகுத்துப் பார்த்து, எந்த இடத்தில் புள்ளி வைத்தால் பொருந்துகிறதோ அங்கே வையுங்கள். இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

எல்லா இலக்கமும் தெளிவு, ஒரு கோடும் போகவில்லை, ஆனாலும் இடிக்கிறது

படம் எப்போது எடுத்தது என்று பாருங்கள். எரிபொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த படத்தை வைத்துக் கணக்குப் போட முடியாது.

நிமிடத்துக்கு 36 லிட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நொடியில் 0.6 லிட்டர். தொகையில் அது நொடிக்கு 56-க்கும் மேல். ஷட்டர் 1/30 நொடி திறந்திருந்தால் அதற்குள் 0.02 லிட்டர் போய்விடுகிறது. லிட்டரின் கடைசி இலக்கம் அந்தப் படத்துக்குள்ளேயே இரண்டு முறை மாறிவிடும். தொகையின் கடைசி இரண்டு இலக்கங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒன்றின் மேல் ஒன்று விழுந்து எல்லாம் 8 போலவே தெரியும். இதோடு, திரை தொகை வரியையும் லிட்டர் வரியையும் ஒரே கணத்தில் புதுப்பிக்க வேண்டும் என்றும் இல்லை. ஒன்று முந்தி, ஒன்று பிந்தி மாறலாம். போனில் எச்டிஆர் போட்டிருந்தால் இன்னும் குழப்பம். அது அடுத்தடுத்து எடுத்த பல படங்களை ஒன்றாகச் சேர்ப்பதால், வெவ்வேறு கணங்களின் எண்கள் ஒரே படத்தில் கலந்துவிடும்.

ஓடும்போது எடுத்ததா, நின்ற பிறகு எடுத்ததா என்று நினைவில்லையா? கடைசி இலக்கங்களைப் பாருங்கள். முன் இலக்கங்கள் கூர்மையாகவும் கடைசி இலக்கங்கள் மட்டும் தடித்தோ இரட்டையாகவோ இருந்தால் ஓடும்போது எடுத்தது. அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களிலும் தொகை ஒன்றாகவே இருந்தால் நின்ற பிறகு எடுத்தது. இந்தக் காரணத்துக்காகவே முடிந்த பிறகு எப்போதும் இரண்டு படம் எடுத்துக்கொள்வது நல்லது.

விலை வரி மட்டும் படிக்க முடியவில்லை, வேறு விலைக்குப் போட்டார்களோ என்று சந்தேகம்

தொகையை லிட்டரால் வகுத்தால் விலை வரும். 797.52-ஐ 8.46-ஆல் வகுத்தால் 94.27. ஆனால் இந்த விடையை எவ்வளவு நம்பலாம் என்பதையும் பாருங்கள். லிட்டர் 8.455-க்கும் 8.465-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். அப்படியானால் விலை 94.21-லிருந்து 94.33 வரை எதுவாகவும் இருக்கலாம். சாதா எரிபொருளா, கூடுதல் விலை கொண்ட உயர்வகையா என்று பிரிக்க இது போதும். நேற்றைய விலையா, இன்றைய விலையா என்று சில பைசா வித்தியாசத்தைப் பிரிக்க இது போதாது.

குறைவாகப் போட்டிருந்தால் நிலைமை மோசம். 1.06 லிட்டர் மட்டும் போட்டிருந்தால் இதே முறையில் வரும் விலையில் மேலும் கீழும் 0.44 வரை தள்ளாட்டம் இருக்கும். அந்தப் படத்தை வைத்து விலையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மேல்.

விலை தெளிவாகவே தெரிந்து, அது பலகையில் இருப்பதோடு பொருந்தவில்லை என்றால் முதலில் எந்த நாசில் என்று பாருங்கள். ஒரே பம்பில் இரண்டு மூன்று வகை எரிபொருள் இருக்கும்போது விலை வரி நீங்கள் எடுத்த நாசிலுக்கு ஏற்ப மாறும். கணக்கு சரியாக இருக்கும், வகைதான் நீங்கள் கேட்டதாக இருக்காது. இதைப் போட்டு முடித்த பிறகு கண்டுபிடித்துப் பயன் குறைவு. பூஜ்யம் காட்டும் கணத்திலேயே விலை வரி தெரிந்துவிடும், அப்போதே பாருங்கள்.

திரையில் எல்லாம் பொருந்துகிறது, பில்லோ கார்டில் எடுத்த தொகையோ வேறு

இங்கே பெருக்கலை விட்டுவிட்டு, இரண்டும் ஒரே விற்பனைதானா என்று பாருங்கள். ஒரு பம்புக்கு இரண்டு பக்கம் உண்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் திரை. எதிர்ப்பக்கத்து வண்டியின் திரையைப் படம் எடுத்துவிட வாய்ப்பு இருக்கிறது. பில்லில் பம்ப் எண், நாசில் எண், நேரம் அச்சாகியிருந்தால் அவற்றைப் படத்தோடு ஒப்பிடுங்கள். படம் எடுத்த நேரம் அசல் கோப்பின் விவரத்தில் இருக்கும். பில்லில் இருக்கும் நேரம் அதற்குப் பல நிமிடம் முந்தையது என்றால் முந்தைய வண்டியின் பில் உங்கள் கைக்கு வந்திருக்கலாம்.

பில்லில் இருக்கும் லிட்டர், விலை, தொகையையும் தனியாக ஒருமுறை பெருக்கிப் பாருங்கள். பில் தனக்குள் பொருந்துகிறது, திரையும் தனக்குள் பொருந்துகிறது, ஆனால் இரண்டும் வேறு என்றால் அவை இரண்டு வெவ்வேறு விற்பனைகள். பில் தனக்குள்ளேயே பொருந்தவில்லை என்றால் கையால் தட்டிய பில்லாக இருக்க வாய்ப்பு அதிகம். கார்டு இயந்திரத்தில் தொகையைக் கையால் அடிக்கும் இடங்களில் 797.52 என்பது 979.52 ஆவது விரல் தவறிப் போவதால்கூட நடக்கும். திரையின் படம் கையில் இருந்தால் அங்கேயே நின்று பேசித் திருத்திக்கொள்ளலாம்.

எல்லாமே பொருந்துகிறது, ஆனால் கேட்டது வரவில்லை

படத்தைப் பார்த்து மட்டும் கண்டுபிடிக்க முடியாத இடம் இது. அதனால் கூடுதல் கவனம் வேண்டும்.

1000-க்குப் போடச் சொல்கிறீர்கள். 200-இல் பம்ப் நிற்கிறது. ‘தப்பா 200 அடிச்சிட்டேன், மிச்சம் 800 போட்டுடறேன்’ என்கிறார் ஊழியர். மீண்டும் ஓடுகிறது, 800.00-இல் நிற்கிறது. 200-ம் 800-ம் சேர்த்து 1000 கொடுக்கிறீர்கள். கடைசித் திரையைப் படம் எடுத்தால் தொகை 800.00, லிட்டர் 8.49, விலை 94.27. பெருக்கினால் 800.35. அனுமதிக்கும் எல்லைக்குள் அழகாகப் பொருந்துகிறது.

கேள்வி என்னவென்றால், இரண்டாவது ஓட்டம் எங்கிருந்து தொடங்கியது? பூஜ்யத்திலிருந்து என்றால் மொத்தம் 10.61 லிட்டர் கிடைத்திருக்கிறது, எல்லாம் சரி. 200-லிருந்தே தொடர்ந்து 800-க்குப் போனது என்றால் உங்களுக்குக் கிடைத்தது 8.49 லிட்டர் மட்டும். 2.12 லிட்டருக்கான காசு அதிகமாகப் போய்விட்டது. கடைசிப் படத்தில் இந்த இரண்டுக்கும் எந்த வித்தியாசமும் தெரியாது. தொடக்கத்தில் பூஜ்யம் பார்ப்பது ஏன் முக்கியம் என்றால் இதற்குத்தான். இடையில் நின்றால் மறுபடியும் பூஜ்யம் வருகிறதா என்று பாருங்கள். அது வருவதற்கு முன், முதல் 200-க்கான திரை மறைவதற்குள் அதையும் ஒரு படம் எடுங்கள். இரண்டு ஓட்டத்துக்கும் தனித்தனிப் பில் கேளுங்கள்.

இதே போல, முந்தைய வண்டிக்குப் போட்ட எண்ணிலிருந்து தொடர்ந்தாலும் கடைசித் திரை பொருந்தத்தான் செய்யும்.

இன்னொரு எல்லையும் இருக்கிறது. மூன்று எண்களும் பொருந்துவது பம்பின் கணக்குப் பகுதி சரியாகப் பெருக்குகிறது என்பதை மட்டுமே காட்டும். திரையில் 8.46 என்று தெரியும்போது டேங்க்குக்குள் 8.46 லிட்டர் போனதா என்பதைக் காட்டாது. மீட்டரே குறைத்து ஊற்றினால் திரையில் எல்லாம் கச்சிதமாகவே இருக்கும். அதைச் சோதிக்க முத்திரையிடப்பட்ட அளவுப் பாத்திரத்தில் ஊற்றிப் பார்ப்பதுதான் வழி. ஓஐஎம்எல் என்ற சர்வதேச அளவியல் அமைப்பின் ஆர் 117 பரிந்துரை வாகன எரிபொருள் பம்புகளுக்கு வைத்திருக்கும் பிழை வரம்பு 0.5 சதவீதம். 20 லிட்டரில் 100 மில்லி. நாட்டுக்கு நாடு விதி கொஞ்சம் மாறலாம் என்றாலும், பாத்திரத்தில் ஊற்றிப் பார்க்கும்போது எதோடு ஒப்பிட வேண்டும் என்பதற்கு இது ஒரு அளவு.

வண்டியின் எரிபொருள் முள்ளையும் கையேட்டில் போட்டிருக்கும் டேங்க் கொள்ளளவையும் இதற்குச் சாட்சியாக வைக்காதீர்கள். ‘35 லிட்டர் டேங்க்கில் 37 லிட்டர் எப்படிப் போகும்?’ என்ற கேள்வி நியாயமாகத் தோன்றும். ஆனால் கையேட்டில் சொல்லும் அளவுக்கு மேலும் ஆவி விரிவதற்கான காலி இடமும் டேங்க்கின் கழுத்துப் பகுதியும் உண்டு. வாய்வரை நிரப்பினால் சொன்ன அளவைத் தாண்டி ஏறும். அதை மட்டும் வைத்துப் புகார் கொடுத்தால் முதல் பதிலிலேயே விழுந்துவிடும்.

மேலே சொன்ன எதிலும் அடங்காமல் இடிப்பு நிற்கிறது என்றால், அதாவது படம் ஓட்டம் நின்ற பிறகு எடுத்தது, எந்தக் கோட்டை மாற்றினாலும் பொருந்தவில்லை, வித்தியாசம் கடைசி இலக்கத்தின் மதிப்பைத் தாண்டுகிறது என்றால், பங்க் மேலாளரிடம் கேளுங்கள். அங்கே பதில் வராவிட்டால் உங்கள் பகுதியின் எடையளவு ஆய்வு அலுவலகத்துக்குப் போங்கள். அசல் படம், முடிந்தால் நாசில் எடுத்தது முதல் முடிவுவரையிலான வீடியோ, பில், பம்ப் எண், நாசில் எண் இவை கையில் இருக்கட்டும். கூடவே பெருக்கல் கணக்கை ஒரே வரியில் எழுதிக்கொடுங்கள்: இத்தனை லிட்டர், இந்த விலை, வர வேண்டியது இவ்வளவு, வாங்கியது இவ்வளவு.